பனை ஓலைக் கூடைக்கு ஏற்றுமதி விலை: அட்டைப் பெட்டியின் அளவிலிருந்து தொடங்கும் கணக்கு

கேள்வி: வணக்கம் அண்ணாச்சி. திருச்செந்தூர் பக்கம் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து பனை ஓலைக் கூடை முடைகிறோம். ஜெர்மனியில் கடை வைத்திருக்கும் ஒருவர், ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் மூன்று கூடைகளை ஒரு செட்டாக வைத்து 300 செட் கேட்கிறார். ஓலை, சாயம், கூலி சேர்த்து செட்டுக்கு 620 ரூபாய் அடக்கம் ஆகிறது. கப்பல் செலவு, அவர் நாட்டு வரி எல்லாம் சேர்த்து, கடை வாசலில் இறக்குவதற்கு ஒரே விலையாகச் சொல்லுங்கள் என்கிறார். யூரோ ஏறி இறங்கினால் என்ன செய்வது என்றும் புரியவில்லை. எவ்வளவு சொல்லலாம்?

பதில்:

தங்கச்சி, முதலில் அந்த 'ஒரே விலை'க்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். அவர் கேட்பதை வணிக மொழியில் டி.டி.பி. என்பார்கள். வரி கட்டி வாசலில் இறக்குவது வரை எல்லாமே விற்பவர் பொறுப்பு. அப்படிச் செய்தால் ஜெர்மனியில் இறக்குமதியாளராக நீங்கள் நிற்க வேண்டிவரும். அங்கே 19 சதவீத மதிப்புக் கூட்டு வரியை இறக்குமதியின்போதே கட்ட வேண்டும். அந்த நாட்டில் வரிப் பதிவு உள்ள கடைக்காரர் அதைத் தன் கணக்கில் திரும்பப் பெற்றுக்கொள்வார். பதிவு இல்லாத உங்களுக்கு அது முழுச் செலவு. அவருக்குச் செலவே இல்லாத ஒன்று உங்கள் கையிலிருந்து போகும். ஆகவே தூத்துக்குடித் துறைமுகம் வரை உங்கள் பொறுப்பு, அதற்கு அப்பால் அவர் பொறுப்பு என்று எஃப்.ஓ.பி. விலை சொல்லுங்கள். ஆனால் அவர் வாசலில் அந்தக் கூடை எவ்வளவுக்கு இறங்கும் என்ற கணக்கை நீங்களே போட்டுப் பார்த்துவிட்டுத்தான் விலை சொல்ல வேண்டும். அந்தக் கணக்கு தெரியாதவர்கள்தான், வாங்குபவர் "விலை அதிகம்" என்றவுடன் கூலியில் கை வைக்கிறார்கள்.

ஓலைக் கூடையின் ஏற்றுமதிக் கணக்கு, அட்டைப் பெட்டியின் அளவிலிருந்து தொடங்குகிறது. நான் தொழிலுக்கு வந்த புதிதில் இது எனக்குத் தெரியாது. கூடைகளைத் தராசில் வைத்து, கிலோவுக்கு இவ்வளவு என்று சரக்குக் கட்டணத்தை நானே கணித்து, ஒரு வெளிநாட்டுக் கடைக்கு அனுப்புச் செலவு உட்பட விலை சொல்லிவிட்டேன். சரக்கு கிளம்பும் நாளில் வந்த ரசீதில் என் கணக்கைப்போல ஆறு மடங்கு இருந்தது. அந்த ஆர்டரில் லாபம் மட்டுமல்ல, முடைந்தவர்களுக்குக் கொடுத்த கூலியில் ஒரு பகுதியையும் என் கைக்காசிலிருந்து ஈடுகட்டினேன்.

உங்கள் செட்டையே எடுத்துக்கொள்வோம். பெரிய கூடையின் வாய் 36 சென்டிமீட்டர், உயரம் 30 என்று வைத்துக்கொள்கிறேன். மூன்றும் சேர்ந்து தராசில் 1.2 கிலோ இருக்கும். ஒரு செட்டை 38 × 38 × 32 சென்டிமீட்டர் அட்டைப் பெட்டியில் வைத்துக் கூரியரில் கொடுத்தால், அவர்கள் மூன்று அளவையும் பெருக்கி 5000-ஆல் வகுப்பார்கள். 9.24 வரும். அதாவது 1.2 கிலோ கூடைக்கு 9 கிலோவுக்கு மேல் கட்டணம். மாதிரிக்கு ஒன்றிரண்டு செட் அனுப்பலாம், அதற்கு மேல் கூரியர் இந்தப் பொருளுக்கு ஒத்துவராது. கப்பலிலும் இதே கதைதான். முழு கன்டெய்னர் நிரப்பாத சில்லறைச் சரக்கை எல்.சி.எல். என்பார்கள். அதில் ஒரு கன மீட்டரையும் ஒரு டன்னையும் சமமாக வைத்து, எது கூடுதலோ அதற்குக் கட்டணம் போடுவார்கள். உங்கள் 300 செட்டும் மொத்தம் 360 கிலோதான். கட்டணம் எடைக்கு வராது, அடைக்கும் இடத்துக்கு வரும்.

இங்கேதான் உங்கள் கையில் இருக்கும் மிகப் பெரிய துருப்புச் சீட்டு. கூடையின் சுவர் நேராக எழும்பினால் ஒரு செட்டுக்குள் இன்னொரு செட் இறங்காது. 38 × 38 × 64 பெட்டியில் இரண்டு செட் வைக்கலாம். 150 பெட்டி, கிட்டத்தட்ட 14 கன மீட்டர். அதே கூடையை அடி 28 சென்டிமீட்டர், வாய் 36 சென்டிமீட்டர் என்று சற்றே விரித்து முடைந்தால், நான்கு பெரிய கூடைகள் டம்ளர்களைப்போல ஒன்றுக்குள் ஒன்று இறங்கும். மேலே உள்ள பெரிய கூடைக்குள் நான்கு நடுக்கூடைகள், அதற்குள் நான்கு சிறியவை. 38 × 38 × 82 பெட்டியில் நான்கு செட் அடங்கிவிடும். 75 பெட்டி, சுமார் 9 கன மீட்டர். ஓலையும் முடையும் நேரமும் அநேகமாக அதே. கைப்பிடியை மட்டும் உட்புறம் துருத்தாமல் வெளிப்பக்கமாகத் தைக்க வேண்டும். இல்லையென்றால் அடுக்கும்போது இறங்காமல் நிற்கும், அழுத்தினால் வாய் கோணிவிடும்.

இனி உங்கள் பக்கத்துச் செலவு. கீழே உள்ள தொகைகள் கணக்குப் போடும் முறையைக் காட்டத்தான். உங்கள் ஊர் லாரி வாடகையையும் சுங்க முகவர் கட்டணத்தையும் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

அடக்கம் 620 என்கிறீர்கள். ஆனால் நூறு செட் முடைந்தால் நூறும் கப்பல் ஏறாது. சாயம் ஒன்று போலப் பிடிக்காதது, வாய் கோணியது, பூஞ்சை கண்டது என்று ஆறு கழியும் என்று வைத்தால், ஏறும் ஒவ்வொரு செட்டும் 660 ரூபாய் அடக்கம் ஆகிறது. பூஞ்சையைப் பற்றி ஒரு சொல். ஐப்பசி, கார்த்திகை மழையில் முடைந்த கூடை தொட்டால் காய்ந்ததுபோலத்தான் இருக்கும். ஒரு கூடையை பாலிதீன் பையில் போட்டு வாயைக் கட்டி, இரவு முழுக்க வைத்துவிட்டுக் காலையில் பாருங்கள். பையின் உட்புறம் பனி பூத்ததுபோல நீர் முத்து நின்றால், அந்தக் கூடைக்குள் இன்னும் ஈரம் இருக்கிறது. கன்டெய்னருக்குள் பகலில் சூடும் இரவில் குளிருமாகப் பல வாரம் கிடந்தால் அந்த ஈரம் கரும்புள்ளியாக வெளியே வரும். வாங்கியவர் படம் எடுத்து அனுப்பி மீதித் தொகையில் கழிப்பார். அதனால் பெட்டிக்குள் போடும் ஈர உறிஞ்சிப் பைகளின் செலவை மிச்சம் பிடிக்காதீர்கள்.

அட்டைப் பெட்டி, ஈர உறிஞ்சி, லேபிள் எல்லாம் செட்டுக்கு 35 ரூபாய். அடுத்தது, 300 செட் அனுப்பினாலும் 30 செட் அனுப்பினாலும் ஏறக்குறைய மாறாத செலவுகள்: லாரி, சுங்க முகவர், துறைமுகக் கிடங்கு, புகையூட்டல், சான்றிதழ், வங்கிக் கட்டணம். இவை மொத்தம் 39,000 என்றால் செட்டுக்கு 130. நூறு செட்தான் ஆர்டர் என்றால் இதுவே 390 ஆகிவிடும். சின்ன ஆர்டருக்குத் தனி விலை சொல்ல வேண்டிய காரணம் இதுதான், அதை வாங்குபவரிடம் ஒளிவு மறைவின்றிச் சொல்லலாம். கடைசியாக, ஓலை வாங்கிய நாளிலிருந்து பணம் வரும் நாள்வரை முடங்கும் முதலுக்கு வட்டி 15 ரூபாய். ஆக 840.

இதன் மேல் லாபமும் நிர்வாகச் செலவும் 25 சதவீதம் வேண்டும் என்றால், 840-ஐ 1.25-ஆல் பெருக்காதீர்கள். அப்படிச் செய்தால் 1,050 வரும், அதில் உங்களுக்கு நிற்பது 210, அதாவது விற்ற விலையில் 20 சதவீதம்தான். விற்கும் விலையில் கால் பங்கு நிற்க வேண்டுமென்றால் 840-ஐ 0.75-ஆல் வகுக்க வேண்டும். 1,120 ரூபாய். இதுவே உங்கள் எஃப்.ஓ.பி. விலை. ஏற்றுமதி ஊக்கத்தொகை, வரித் திரும்பப் பெறுதல் என்று ஏதாவது வந்தால் வரட்டும். அதை முன்கூட்டியே கழித்து விலையைக் குறைக்காதீர்கள், அந்த விகிதங்கள் அரசு அறிவிப்பில் மாறக்கூடியவை. ஜி.எஸ்.டி.க்கு உறுதிமொழிக் கடிதம் முன்பே தாக்கல் செய்துவிடுங்கள். இல்லையென்றால் வரியைக் கட்டிவிட்டுத் திரும்ப வருவதற்குக் காத்திருக்க வேண்டும்.

அடுத்தது நாணயம். உங்கள் செலவு முழுவதும் ரூபாயில், வரவு யூரோவில். கணக்கு எளிதாக இருக்க, உங்கள் வங்கி இன்று ஒரு யூரோவுக்கு 100 ரூபாய் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். தொலைக்காட்சியிலும் இணையத்திலும் காட்டும் விகிதத்தை எடுக்காதீர்கள். வெளிநாட்டுப் பணம் வந்தால் என்ன விகிதம் தருவீர்கள் என்று வங்கியில் கேளுங்கள், அது எப்போதும் சற்றுக் குறைவாகவே இருக்கும். அந்த 100-லும் மூன்று சதவீதம் குறைத்து 97-இல் கணக்குப் போடுங்கள். 1,120-ஐ 97-ஆல் வகுத்தால் 11.55. செட்டுக்கு 11.60 யூரோ என்று சொல்லலாம்.

மூன்று சதவீதம் எதற்கு என்றால், பணம் வரும் நாளிலும் யூரோ 100-இல் நின்றால் உங்களுக்கு 1,160 ரூபாய் கிடைக்கும், லாபம் 320. யூரோ 92-க்கு இறங்கினால் 1,067 தான், லாபம் 227. நாணயம் இறங்கியது எட்டு சதவீதம், உங்கள் லாபம் குறைந்தது 29 சதவீதம். கூலியும் ஓலையும் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டதால், இறக்கம் முழுவதும் லாபத்தின் மேலேயே விழுகிறது. "ரூபாய் எப்போதும் சரியத்தானே செய்கிறது, நமக்கு நல்லதுதானே" என்று பலர் நினைக்கிறார்கள். 2025-ஐப் பாருங்கள். பிப்ரவரியில் டாலர் 88 ரூபாயை நெருங்கியது, மே மாதத் தொடக்கத்தில் 84-க்கு வந்தது, டிசம்பரில் 90-ஐத் தாண்டியது. ஆண்டு முழுவதையும் பார்த்தால் ஏற்றம்தான். ஆனால் பிப்ரவரியில் விலை பேசி மே மாதம் பணம் வாங்கியவருக்கு அந்த ஏற்றத்தால் எந்தப் பயனும் இல்லை. உங்கள் ஆர்டரின் ஆயுள் மூன்று மாதம். அந்த மூன்று மாதம் எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இதற்கு நான் கைக்கொள்ளும் வழி, முன்பணம். 40 சதவீதம் முன்பணமாக வாங்கி, வந்த அன்றே ரூபாயாக மாற்றி ஓலைக்கும் கூலிக்கும் கொடுத்துவிட்டால், ஏற்ற இறக்கத்துக்கு உள்ளாவது மீதி 60 சதவீதம்தான். உங்கள் ஆர்டர் மொத்தம் 3,480 யூரோ, மீதி 2,088 யூரோ. எதிர்காலத் தேதிக்கு இன்றே விகிதத்தை உறுதி செய்துகொள்ளும் ஒப்பந்தத்தை வங்கிகள் தருகின்றன. ஆனால் இந்தத் தொகைக்கு அது அலைச்சல். வாங்குபவர் பணத்தைத் தாமதித்தால் ஒப்பந்தத்தை ரத்து செய்யவோ தள்ளிப்போடவோ நீங்கள்தான் செலவழிக்க வேண்டும். ஆண்டுக்கு நான்கைந்து கன்டெய்னர் அனுப்பும் நிலை வந்தபின் அதை யோசியுங்கள். இப்போதைக்கு, இந்த விலை 30 நாள் மட்டும் செல்லும் என்றும், ஆர்டரை உறுதி செய்யும் நாளில் விகிதம் மூன்று சதவீதத்துக்கு மேல் மாறியிருந்தால் விலையை இருபக்கமும் திருத்திக்கொள்ளலாம் என்றும் எழுதிவிடுங்கள். 'இருபக்கமும்' என்ற சொல்லை விடாதீர்கள். யூரோ ஏறினால் அவருக்கும் குறையும் என்று தெரிந்தால்தான் அவர் கையெழுத்துப் போடுவார்.

இப்போது அவர் வாசலுக்குப் போவோம். கப்பல் கட்டணம், அந்தப் பக்கத்துத் துறைமுகச் செலவு, அங்கிருந்து கடைக்கு லாரி எல்லாம் சேர்த்து ஒரு கன மீட்டருக்கு 130 யூரோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 9 கன மீட்டருக்கு 1,170, செட்டுக்கு 3.90 யூரோ. ஐரோப்பிய ஒன்றியத்தில் சுங்க வரியைப் பொருளின் விலைக்கு மட்டும் போடுவதில்லை, எல்லைவரை கொண்டுவந்த சரக்குக் கட்டணத்தையும் காப்பீட்டையும் சேர்த்த தொகைக்குப் போடுகிறார்கள். பின்னல் கூடைகள் 4602 என்ற சுங்கத் தலைப்பில் வருகின்றன. வழக்கமான வரி 3.7 சதவீதம் என்று கொண்டு கணக்கிடுகிறேன், அவருடைய சுங்க முகவர் அதை உறுதி செய்யட்டும். 11.60-உடன் எல்லைவரை ஆன 2 யூரோவைச் சேர்த்தால் 13.60, வரி 50 சென்ட். ஆக, அவர் கடையில் இறங்கும்போது சரியாக 16 யூரோ. இதே கூடை நேர்ச்சுவராக இருந்து 14 கன மீட்டர் அடைத்திருந்தால் சரக்குக் கட்டணம் செட்டுக்கு 6.07 ஆகி, வரியும் சற்றுக் கூடி, 18.20 ஆகியிருக்கும்.

கடைக்காரர் இறங்கிய விலையை அப்படியே வைத்து விற்பதில்லை. வாடகை, ஆள் சம்பளம், விற்காமல் தங்குவது எல்லாம் சேர்த்து 2.3 மடங்கு வைத்து, அதன் மேல் 19 சதவீத வரி சேர்த்தால், 16 யூரோ கூடை அலமாரியில் 44 யூரோ ஆகும். 18.20 யூரோ கூடை கிட்டத்தட்ட 50 ஆகும். உங்கள் கூலியில் ஒரு பைசாகூட மாறாமல், கூடையின் சரிவு ஒன்றே அலமாரியில் ஆறு யூரோ வித்தியாசம் செய்கிறது. இறங்கும் விலையில் மிச்சமான 2.20 யூரோ, நம் பணத்தில் 220 ரூபாய். உங்கள் 620-இல் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். விலையைக் குறைக்கச் சொல்லி அவர் கேட்டால் முதலில் இதைக் காட்டுங்கள். முடைபவர் கூலியிலிருந்து 220 ரூபாயை எடுப்பதைப் பேச்சளவிலும் ஏற்காதீர்கள்.

சரக்கு முகவரைப் பற்றியும் எச்சரிக்கை வேண்டும். எல்.சி.எல். சரக்கில் இங்கிருந்து புறப்படும் கட்டணத்தை ஒன்றுமில்லாததுபோலக் காட்டி, இறங்கும் துறைமுகத்தில் வாங்குபவரிடம் கறப்பது உண்டு. ஒருமுறை ஒரு முகவர் எனக்கு மிகக் குறைந்த கட்டணம் சொன்னார், மகிழ்ந்துபோய் நானே கப்பல் கட்டணம் கட்டி அனுப்பினேன். அங்கே இறக்கு கூலி, ஆவணக் கட்டணம் என்று வாங்குபவருக்கு நான் கட்டியதைவிடப் பெரிய பில் வந்தது. அவர் என் மீதித் தொகையில் கழித்துக்கொண்டார், அடுத்த ஆண்டு ஆர்டரும் வரவில்லை. எஃப்.ஓ.பி. விலையில் கப்பல் முகவரை அவரே அமர்த்திக்கொள்வதால் இந்தத் தொல்லை உங்களை அண்டாது. அவருக்காக நீங்கள் விசாரித்துச் சொல்வதானால், இறங்கும் துறைமுகக் கட்டணங்களையும் எழுத்தில் வாங்கியபின் சொல்லுங்கள்.

நாளை அமெரிக்காவிலிருந்து ஆர்டர் வந்தால் கணக்கு வேறு. அங்கே சுங்க வரி, கப்பல் கட்டணத்தைச் சேர்க்காமல் பொருளின் விலைக்கு மட்டும் போடப்படுகிறது. ஆகவே பெட்டியின் அளவு வரியைத் தொடாது, உங்கள் எஃப்.ஓ.பி. விலை முழுக்கத் தொடும். 2025 ஆகஸ்டு இறுதியில் இந்தியப் பொருட்கள் பலவற்றின் மீது கூடுதல் வரி 50 சதவீதம் ஆனது. அதே மாதம் 29-ஆம் தேதி முதல், 800 டாலர் வரையிலான சிறு பார்சலுக்கு இருந்த வரிவிலக்கும் போனது. வரி விகிதம் மாறிக்கொண்டே இருக்கக்கூடியது என்பதால், விலை சொல்லும் நாளில் வாங்குபவரின் சுங்க முகவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள். வரி அவ்வளவு உயரும்போது "பத்து சதவீதம் குறையுங்கள், பாதிப் பாதி தாங்குவோம்" என்று வாங்குபவர் கேட்பார். 13 டாலர் கூடையில் பத்து சதவீதம் என்பது 1.30 டாலர். வரி 50 சதவீதம் என்றால், அதற்குரிய வரியும் சேர்ந்து குறைவதால் அவருக்கு 1.95 டாலர் மிச்சமாகிறது. உங்களுக்கோ லாபத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகிறது. பாதிப் பாதி என்று அவர் சொல்வது உண்மையில் எப்படிப் பிரிகிறது என்று காகிதத்தில் எழுதிக் காட்டுங்கள். தாங்க முடியுமென்றால் ஐந்து சதவீதம், இந்த ஒரு சரக்குக்கு மட்டும், வரி இறங்கினால் பழைய விலை என்று எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

பில்லில் பாதி விலை போடச் சொல்பவர்களும் வருவார்கள். எந்த நாட்டு ஆர்டராக இருந்தாலும் இதற்கு இணங்காதீர்கள். அது இரண்டு நாட்டிலும் சட்டத்துக்கு விரோதம். சரக்கு கடலில் நனைந்தால் காப்பீடும் அந்தப் பாதி விலையை ஒட்டியே கிடைக்கும். மீதிப் பாதியை அவர் வேறு வழியில் தராமல் விட்டால் கேட்க உங்களிடம் ஒரு காகிதமும் இருக்காது.

ஜெர்மனிக்காரருக்கு இப்படி எழுதுங்கள்: செட்டுக்கு 11.60 யூரோ, எஃப்.ஓ.பி. தூத்துக்குடி, குறைந்தது 300 செட், 40 சதவீதம் முன்பணம், மீதி சரக்கு ஏறும் முன், விலை 30 நாள் செல்லும், விகிதம் மூன்று சதவீதத்துக்கு மேல் மாறினால் இருபக்கமும் திருத்தம். அதன் கீழே, நான்கு செட் கொண்ட பெட்டி 38 × 38 × 82 சென்டிமீட்டர், மொத்தம் 75 பெட்டி, 9 கன மீட்டர் என்று குறிப்பிடுங்கள். அந்த ஒரு வரியை வைத்து அவர் தன் ஊர் முகவரிடம் கட்டணம் கேட்டு, இறங்கும் விலையைத் தானே போட்டுக்கொள்வார். இதை அனுப்புவதற்கு முன், சரிவாக முடைந்த பன்னிரண்டு கூடைகளை, அதாவது நான்கு செட்டை, உண்மையான அட்டைப் பெட்டியில் அடுக்கி, மூடி ஒட்டி, ஒரு நாள் மேலே பாரம் வைத்துப் பாருங்கள். திறக்கும்போது அடிக்கூடையின் வாய் கோணியிருந்தால் பெட்டிக்கு மூன்று செட் என்று குறைத்து, கன மீட்டரை மறுபடி கணக்கிட்ட பிறகு அனுப்புங்கள்.